தமிழிலிருந்து போலிஷ் மொழிக்கு ஆங்கிலம் வழியாக: ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி

என் தங்கைக்கு விவாகரத்து ஆகி, மகளின் பொறுப்பு அவளிடமே இருக்கிறது என்று தமிழ்நாட்டுக் குடும்பநல நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்திருந்தது. எட்டுப் பக்கம், முழுக்கத் தமிழ். அவளும் குழந்தையும் போலந்துக்கு வந்து குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க அந்தத் தீர்ப்பு போலிஷ் மொழியில் வேண்டும். தமிழிலிருந்து நேராகப் போலிஷுக்கு மொழிபெயர்த்து முத்திரை போட்டுத் தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஊரில் ஒருவர் ஆங்கிலமாக்கினார், அந்த ஆங்கிலத்தை இங்கே ஒருவர் போலிஷ் ஆக்கினார். கையில் வந்ததைப் போலிஷ் தெரிந்த அலுவலக நண்பரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "குழந்தையை அப்பாவிடம்தானே கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

தீர்ப்பில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் தங்கள் வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். பிழை நடுவில் இருந்த ஆங்கிலத்தில் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதமும் மறுபடி முழுக் கட்டணமும் ஆனது. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன். பிறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திரம் எதுவானாலும் வழி இதுதான். ஆனால் நீளமான தீர்ப்பில்தான் எல்லாச் சிக்கலும் ஒன்றாக வரும், அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

1. இந்தச் சுற்றுவழி உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள்

தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் வரும், சில ஆங்கிலத்தில் வரும். உங்களுடையது ஆங்கிலத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. பிறப்பு, திருமணச் சான்றுகளும் இப்போது பெரும்பாலும் இரண்டு மொழியிலும் அச்சாகின்றன. பழைய கையெழுத்துப் பிரதிதான் தமிழில் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க அலைவதைவிட, பதிவு அலுவலகத்தில் இருமொழிச் சான்றாகப் புதிதாக எடுப்பது சுலபம், செலவும் குறைவு.

போலந்தில் அரசு அலுவலகத்துக்குக் கொடுக்கும் மொழிபெயர்ப்பை உறுதிமொழி எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டும். அவர்கள் பெயர்ப் பட்டியலை அந்நாட்டு நீதி அமைச்சகம் வைத்திருக்கிறது, மொழிவாரியாகத் தேடலாம். தேடும்போது அடிக்க வேண்டிய சொல் இது:

```
tłumacz przysięgły
```

பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். எனவே நான் தேடியபோது கிடைக்கவில்லை என்பதற்காக நீங்கள் தேடாமல் விடாதீர்கள். தமிழுக்கு ஒருவர் கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால், உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து செய்த போலிஷ் மொழிபெயர்ப்பை ஏற்பார்களா என்று கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை அடுத்த முறை வேறு அதிகாரி இருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: சுற்றுவழியில் வந்தோம் என்பதை மறைக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர்கள் பற்றிய போலந்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூலத்திலிருந்து செய்ததா, இன்னொரு மொழிபெயர்ப்பிலிருந்து செய்ததா, அந்த மொழிபெயர்ப்பை யார் சான்றளித்தார்கள் என்பதை அவர் சான்றுரையில் எழுதியே ஆக வேண்டும். எங்கள் தாளின் கடைசியிலும் அப்படித்தான் இருந்தது. படிக்கும் அதிகாரிக்கு அது கண்ணில் படும், சந்தேகமும் வரும். அதனால்தான் மேற்கொண்டு சொல்வதெல்லாம் முக்கியம்.

2. தாள்களின் வரிசையை மாற்றாதீர்கள்

இதில் சறுக்குபவர்கள் நிறையப் பேர். சரியான வரிசை இது: நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்க வேண்டும், பிறகு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு ஆவணம் வெளிநாட்டில் செல்வதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்ற சான்று, பிறகு ஆங்கிலம், கடைசியில் போலிஷ்.

இந்தியாவும் போலந்தும் 2005-இல் இருந்தே அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் இருப்பதால் தூதரகச் சான்றொப்பம் தனியாகத் தேவையில்லை. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். ஆனால் ஆவணங்களை வாங்கி அனுப்பும் முகமைக்கு அதற்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும், மாநிலச் சான்றொப்பத்துக்கு அலையும் செலவும் சேரும்.

அவசரத்தில் சிலர் மொழிபெயர்ப்பை முதலில் முடித்துவிட்டு அப்புறம் அப்போஸ்டில் வாங்குகிறார்கள். அப்போஸ்டில் தாளும் ஆவணத்தின் பகுதிதான், அதில் இருப்பதும் போலிஷில் வர வேண்டும். பின்னால் வாங்கினால் மொழிபெயர்ப்பில் அது இருக்காது, மறுபடி முத்திரை போட வேண்டிவரும். முன்னால் வாங்கிவிட்டால் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்துவிடலாம்.

சான்றிட்ட நகல் கேட்கும்போதே இரண்டு பிரதி வாங்கிவிடுங்கள். எங்களுக்கு நகல் வர மூன்று வாரம் ஆனது, இரண்டாவது பிரதிக்காக இன்னொரு முறை போனபோது மறுபடி அதே மூன்று வாரம்.

3. ஆங்கிலம் எதை விழுங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எந்த மொழிபெயர்ப்பிலும் ஏதாவது குறையும். நடுவில் ஆங்கிலம் வந்தால் கூடுதலாகக் குறைவது எது என்றால், தமிழிலும் இருந்து போலிஷிலும் இருந்து ஆங்கிலத்தில் மட்டும் இல்லாதது. தமிழில் தெளிவாக இருக்கும், போலிஷிலும் அதற்கு இடம் இருக்கும், ஆங்கிலத்துக்குள் போய் வரும்போது காணாமல் போகும். போலிஷ் அந்த இடத்தைக் காலியாக விடாது. மொழிபெயர்ப்பாளர் ஒன்றை ஊகித்து நிரப்பித்தான் ஆக வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாததால் மூலத்தைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது.

எங்களுக்கு நடந்த பெரிய பிழை இப்படித்தான் வந்தது. தீர்ப்பில் தங்கை மனுதாரர், அவள் முன்னாள் கணவர் எதிர்மனுதாரர். நீதிமன்றத் தமிழில் இருவருக்கும் 'அவர்' தான், ஆணா பெண்ணா என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆனால் தமிழ் படிப்பவருக்குக் குழப்பம் வராது, ஏனென்றால் முதல் பக்கத்திலேயே அவள் பெயர் பெண் பெயர் என்று தெரிகிறது, கீழே ஓரிடத்தில் 'ஆசிரியை' என்று அவள் வேலை வருகிறது. ஆங்கிலமாக்கியவர் மனுதாரரை 'பெட்டிஷனர்' என்று எழுதினார், அது சரி. 'ஆசிரியை'யை 'டீச்சர்' என்று எழுதினார், அதுவும் சரிதான், ஆங்கிலத்தில் வேறு சொல் வழக்கில் இல்லை. ஆனால் 'அவர்' வந்த இரண்டு இடங்களில் கை பழக்கத்தில் 'ஹீ' என்று எழுதிவிட்டார்.

இப்போது போலிஷ் மொழிபெயர்ப்பாளர் இடத்தில் இருந்து பாருங்கள். அவருக்கு நம் பெயர்களைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாது. 'டீச்சர்' உதவாது. கையில் இருந்த ஒரே தடயம் அந்த இரண்டு 'ஹீ'. மனுதாரர் கணவர், அப்படியானால் எதிர்மனுதாரர் மனைவி என்று முடிவுசெய்தார். போலிஷில் ஆண் வாதிக்கும் பெண் வாதிக்கும் தனித்தனிச் சொல், பிரதிவாதிக்கும் அப்படியே. இறந்தகால வினையின் ஈற்றிலும் ஆண் பெண் தெரியும். ஆகவே எட்டுப் பக்கமும் ஒழுங்காக, இலக்கணச் சுத்தமாக, தலைகீழாக மாறிவிட்டது. 'குழந்தையின் பொறுப்பு மனுதாரருக்கு' என்ற தீர்ப்பு வரி, 'ஆண் வாதிக்கு' என்று முத்திரையோடு நின்றது. தமிழில் பெண் ஆசிரியைக்குத் தனிச் சொல் இருக்கிறது, போலிஷிலும் இருக்கிறது. நடுவில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, உறவுமுறை. குழந்தை தாய்மாமனுடன் வெளிநாட்டுக்குப் பயணம் செய்யலாம் என்று தீர்ப்பில் ஒரு வரி உண்டு, அந்தத் தாய்மாமன் நான்தான். ஆங்கிலத்தில் வெறும் 'அங்கிள்' என்று வந்தது. போலிஷில் அம்மாவுடன் பிறந்தவரை 'வுய்' என்றும் அப்பாவுடன் பிறந்தவரை 'ஸ்திரிய்' என்றும் சொல்லும் பழைய வேறுபாடு இருக்கிறது. பேச்சில் இப்போது இருவரையும் முதல் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள் என்றாலும், சட்டத் தாளில் துல்லியமாக எழுத நினைப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். எங்கள் மொழிபெயர்ப்பாளர், வாதி அப்பா என்று ஏற்கனவே முடிவுசெய்திருந்ததால், அப்பாவின் சகோதரர் என்று எழுதினார். ஒரு பிழை இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவதை அங்கேதான் பார்த்தேன்.

மூன்றாவது, ஆங்கிலச் சட்டச் சொற்கள். 'ஜீவனாம்சம்' என்றால் தமிழில் ஒரே பொருள். போலிஷிலும் அதற்கு 'அலிமென்டி' என்று ஒரே பொருள் தரும் சொல் உண்டு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் 'மெயின்டெனன்ஸ்' என்ற சொல்லோ வீட்டுப் பராமரிப்புக்கும் இயந்திரப் பராமரிப்புக்கும்கூட வரும். குடும்ப வழக்குக்குப் பழகிய மொழிபெயர்ப்பாளர் தவற மாட்டார். ஆனால் உங்களுக்குக் கிடைப்பவர் இயந்திரக் கையேடு மொழிபெயர்ப்பவராகவும் இருக்கலாம். எங்களுக்கு 'வாழ்வதற்கான செலவு' என்பதுபோல் ஒரு பொதுச்சொல் வந்திருந்தது. தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அதைப் படித்து, அது நீதிமன்றம் கட்டளையிட்ட ஜீவனாம்சம் என்று யாருக்கும் தோன்றாது.

இதில் கடினமானது 'கஸ்டடி'. தீர்ப்பில் 'குழந்தையின் நிரந்தரப் பொறுப்பும் பராமரிப்பும்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. போலந்துச் சட்டத்தில் பெற்றோருக்குரிய அதிகாரம் ஒன்று, குழந்தையை அன்றாடம் வைத்துப் பார்த்துக்கொள்வது ஒன்று, பெற்றோர் இல்லாத குழந்தைக்கு நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலர் பொறுப்பு ஒன்று, மூன்றும் வேறு வேறு. அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பார்த்து மூன்றில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

எல்லாக் குறையையும் ஆங்கிலத்தின் மேல் போடவும் கூடாது. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு போலிஷிலும் கிடையாது, நேராக மொழிபெயர்த்தாலும் அது போய்விடும். அதற்காக மொழிபெயர்ப்பாளரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தங்கை எழுதிக் கொடுத்த கடிதத்தில் அப்படி ஓர் இடம் இருந்தது, 'நானும் என் மகளும்' என்று மாற்றி எழுதச் சொன்னேன், முடிந்தது.

4. ஆங்கிலமாக்குபவரிடம் வேலையைக் கொடுக்கும்போது

அவர் ஆங்கிலம் படிப்பவருக்காக எழுதுவார், அதுதான் அவர் பழக்கம். உங்களுக்கு வேண்டியது, ஆங்கிலத்திலிருந்து இன்னொரு மொழிக்குப் போகிறவருக்கான ஆங்கிலம். அது படிக்க அழகாக இருக்காது, பரவாயில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இது இறுதி அல்ல, இதிலிருந்து போலிஷுக்குப் போகிறது" என்று சொன்னதுமே நல்ல மொழிபெயர்ப்பாளர் வேறு மாதிரி வேலை செய்வார். முதல் தடவை நான் இதைச் சொல்லவே இல்லை, குடியிருப்பு அனுமதிக்காக என்று மட்டும் சொன்னேன்.

அவரிடம் கேட்க வேண்டியவை இவைதான். மனுதாரர் முதல் முறை வருமிடத்தில் 'மனைவி' என்றும் எதிர்மனுதாரர் வருமிடத்தில் 'கணவர்' என்றும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். 'அவர்' வரும் இடத்தில் 'ஹீ', 'ஷீ' எழுதும் முன் யாரைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் மனுதாரர் என்ற சொல்லையே திரும்ப எழுத வேண்டும். உறவுச்சொல் எதுவானாலும் அவிழ்த்து எழுத வேண்டும்: தாய்மாமன் என்றால் தாயின் சகோதரர், சித்தி என்றால் தாயின் தங்கையா தந்தையின் தம்பி மனைவியா என்பதோடு. இரண்டாவது முறை எங்களுக்குத் 'தாயின் சகோதரர்' என்று ஆங்கிலத்தில் வந்தது, போலிஷிலும் அப்படியே 'தாயின் சகோதரர்' என்று இறங்கியது, ஊகிக்க வேலையே இல்லை.

'கஸ்டடி' போன்ற சொல்லுக்கு, தீர்ப்பில் உள்ள முழுத் தொடரையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்: குழந்தை யாருடன் வசிக்கும், யார் வளர்ப்பார், தந்தை எப்போது பார்க்கலாம் என்று தீர்ப்பு சொல்லும் அளவுக்கு, அதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லாமல். இங்கே எச்சரிக்கை தேவை. போலந்து அலுவலகம் எதிர்பார்க்கும் சட்டச் சொல் என்ன என்று தெரிந்துகொண்டு, அதைத் தீர்ப்பில் இருப்பதாக எழுதச் சொல்லாதீர்கள். தீர்ப்பில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்த்தால் அது பொய்ச் சான்று. கூடுதல் விளக்கம் வேண்டுமென்றால் அதை வழக்கறிஞரின் தனிக் கடிதமாகக் கொடுங்கள்.

பெயர்களுக்கு எல்லாருடைய பாஸ்போர்ட் நகலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். தமிழில் 'ப' ஒன்றுதான், ஆங்கிலத்தில் அது 'P' ஆகவும் வரலாம் 'B' ஆகவும் வரலாம், 'க'வும் 'ச'வும் அப்படியே. முதலெழுத்திலும் இதே சிக்கல்: தீர்ப்பில் 'க.' என்று இருந்தால் அது கணேசனா கருப்பசாமியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அப்படியே போடச் சொல்லுங்கள். 'வட்டம்' என்றால் தாலுகா, 'வட்டாட்சியர்' என்றால் தாசில்தார் என்பதைப் பெரும்பாலும் அவர்களே சரியாகச் செய்வார்கள்.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுத வேண்டும். 05.06.2019 என்றால் நமக்கும் போலந்துக்காரர்களுக்கும் ஜூன் 5 தான். நடுவில் ஒருவர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டுவிட்டால் இரு பக்கமும் ஒத்துப்போகும் ஒன்று கெட்டுப்போகும். பணத்திலும் கவனம் வேண்டும். நாம் 5,00,000 என்று எழுதுவோம், போலிஷில் காற்புள்ளி என்பது தசமப் புள்ளி. லட்சம், கோடி என்ற சொற்களை விட்டுவைக்காமல் ஐந்நூறு ஆயிரம் என்று எழுத்தாலேயே எழுதச் சொல்லுங்கள். நூறு கோடிக்கு மேல் சொத்துள்ளவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: நூறு கோடியை ஆங்கிலத்தில் 'பில்லியன்' என்பார்கள், போலிஷில் அதற்கு 'மில்யார்ட்'. அங்கே 'பில்யோன்' என்று எழுதினால் ஆயிரம் மடங்கு ஏறிவிடும்.

நோட்டரி கையொப்பத்தை நம்பி மேலே சொன்னவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். நோட்டரி சான்றளிப்பது மொழிபெயர்ப்பாளர் தன் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும்தான். உள்ளே சரியா தப்பா என்று அவர் பார்ப்பதில்லை. எனக்கு எட்டுப் பக்கத்துக்கும் நோட்டரிக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, ஒரு வாரம் ஆனது.

5. ஆங்கிலத்தை நீங்களே தமிழோடு ஒப்பிடுங்கள்

சங்கிலியில் நீங்கள் முழுதாகச் சரிபார்க்கக்கூடிய ஒரே கண்ணி இது. போலிஷ் உங்களுக்குத் தெரியாது, ஆனால் தமிழும் ஆங்கிலமும் தெரியும். ஒரு மாலை நேரம் ஒதுக்கி, தங்கை தமிழைச் சத்தமாகப் படிக்க நான் ஆங்கிலத்தில் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது தடவைதான் செய்தேன், முதல் தடவையே செய்திருந்தால் அந்த இரண்டு 'ஹீ'யும் அன்றே அகப்பட்டிருக்கும்.

நோட்டரியிடம் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அதன் பிறகு திருத்தினால் மறுபடி கையொப்பம்.

6. போலிஷ் மொழிபெயர்ப்பாளரிடம் கணக்கும் வரைவும்

உறுதிமொழி மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம் என்றால் நீங்கள் நினைக்கும் ஏ4 பக்கம் அல்ல. இடைவெளியோடு சேர்த்து 1125 எழுத்துகள்தான் ஒரு பக்கம், அடுத்த பக்கம் தொடங்கினாலே முழுப் பக்கக் கணக்கு. எங்கள் தீர்ப்பு அப்போஸ்டிலோடு சேர்ந்து போலிஷில் ஏறக்குறைய 15,500 எழுத்துகள் வந்தது. 1125-ஆல் வகுத்தால் பதின்மூன்றே முக்கால், ஆகவே 14 பக்கம். பக்கத்துக்கு 60 ஸ்வாட்டி வீதம் 840 ஸ்வாட்டி. தனியார் வேலைக்கு விலையை அவர்களே வைக்கிறார்கள், ஆளுக்கு ஆள் மாறும், அதனால் மூன்று பேரிடமாவது கேளுங்கள். கேட்கும்போது ஆங்கிலத்தை முழுதாக அனுப்புங்கள், எட்டுப் பக்கம் என்று மட்டும் சொன்னால் பிற்பாடு விலை கேட்டு அதிர்ச்சியாக இருக்கும்.

விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: முத்திரை போடும் முன் வரைவைக் காட்டுவீர்களா? மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள். முத்திரை விழுந்து அவர் பதிவேட்டில் ஏறிய பிறகு திருத்தினால் அது புதிய வேலை. எங்களுக்கு இரண்டாம் கட்டணம் அப்படித்தான் வந்தது.

அவருக்கு ஆங்கிலத்தோடு அரைப்பக்கக் குறிப்பு ஒன்றும் அனுப்புங்கள்: இதில் யார் யார், ஒவ்வொருவரும் ஆணா பெண்ணா, ஒருவருக்கொருவர் என்ன உறவு, பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் அந்த இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும், அவருக்கு இது புதிது. முடிந்தால் ஊர் மொழிபெயர்ப்பாளரின் மின்னஞ்சலையும் கொடுத்து, சந்தேகம் வந்தால் நேரே கேட்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை வந்தவர் நான்கு கேள்வி கேட்டு எழுதினார், அந்த நான்கும் மேலே மூன்றாம் பகுதியில் நான் சொன்ன இடங்களில்தான்.

7. போலிஷ் தெரியாமலே வரைவைச் சரிபார்ப்பது

முழுதாக முடியாது, ஆனால் பெரிய பிழையைப் பிடிக்கலாம். வரைவைக் கணினியில் திறந்து இந்தச் சொற்களைத் தேடுங்கள்:

```
powódka   pozwany
powód     pozwana
```

மேல் வரி: பெண் வாதி, ஆண் பிரதிவாதி. கீழ் வரி: ஆண் வாதி, பெண் பிரதிவாதி. எங்கள் வழக்குக்கு மேல் வரிதான் வர வேண்டும். வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் கடைசி எழுத்துகள் மாறும், ஆனால் பெண் வாதியில் அந்த 'k' இருக்கும், 'வாதிக்கு' என்பதுபோன்ற இடங்களில் மட்டும் அது 'c' ஆகி `powódce` என்று வரும், ஆண் வாதியில் இந்த இரண்டு எழுத்தும் இருக்காது. பிறகு வினைகளைப் பாருங்கள். வாதி மனு தாக்கல் செய்தார் என்பது பெண்ணானால் `złożyła`, ஆணானால் `złożył`. கடைசியில் ஒரு 'a' இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கண்ணை மூடிக்கொண்டு எண்ணவும் கூடாது. தரப்பு, நபர் போன்ற சொற்கள் போலிஷில் இலக்கணப்படி பெண்பால், அதனால் என் முன்னாள் மைத்துனரைப் பற்றிய வாக்கியத்திலும் பெண்பால் வினை வரலாம். குழந்தை என்ற சொல் அஃறிணைபோல் மூன்றாவது பாலில் வரும். இவை பிழையல்ல. குழந்தையின் பெயர் ஓரிடத்தில் 'பவித்ரா' (பெயரை மாற்றியிருக்கிறேன்) என்றும் இன்னோரிடத்தில் 'பவித்ரி' என்றும் இருந்ததைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. 'பவித்ராவின்' என்று நாம் சொல்வதைப்போல அவர்கள் பெயரின் ஈற்றை மாற்றுவார்கள், அதுவும் பிழையல்ல. ஆனால் முதல் பக்கத்தில் உருபில்லாமல் வரும் இடத்தில் பாஸ்போர்ட் எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்து, தமிழும் போலிஷும் இரண்டும் ஓரளவு தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். இங்கே படிக்கும் மாணவர்கள், நெடுநாள் இருப்பவர்கள் யாராவது கிடைப்பார்கள். அவரிடம் முழுத் தீர்ப்பையும் படிக்கச் சொல்லாதீர்கள், அது வீட்டு விவகாரம், அவருக்கும் சுமை. ஒரு தாளில் பத்துப் பதினைந்து இடங்களை மட்டும் எழுதிக் கொடுங்கள்: பொறுப்பு யாருக்கு என்ற வரி, ஜீவனாம்சத் தொகை, பயண அனுமதி வரி, தேதிகள். ஒவ்வொன்றையும் போலிஷில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், ஆங்கிலத்தை அவர் கண்ணில் காட்டாமல். ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டால் அவரும் அதன் வழியாகவே படிப்பார், ஆங்கிலத்தில் உள்ள பிழை அவருக்கும் சரியாகவே தெரியும். எங்கள் அலுவலக நண்பர் ஆங்கிலம் பார்க்காமல் போலிஷை மட்டும் படித்ததால்தான் அந்தக் கேள்வியே வந்தது.

ஆங்கிலத்தோடு போலிஷை ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் அதை முழு உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் முதல் மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்தோடு சரியாக ஒத்துப்போனது.

8. கொடுக்கும் நாளில்

நகலுக்கு மூன்று வாரம், சான்றொப்பமும் அப்போஸ்டிலும் மூன்று வாரம், ஆங்கிலம் ஒரு வாரம், போலிஷ் பத்து நாள், கூரியருக்கும் வரைவு பார்ப்பதற்கும் ஒரு வாரம். இரண்டரை மாதத்துக்கு முன்னால் தொடங்கவில்லை என்றால் ஏதோ ஓர் இடத்தில் சரிபார்ப்பதை விட்டுவிடுவீர்கள், பெரும்பாலும் அது ஐந்தாம் படியாக இருக்கும்.

போகும்போது அப்போஸ்டில் கோர்த்த தமிழ் நகல், நோட்டரி கையொப்பமிட்ட ஆங்கிலம், முத்திரையிட்ட போலிஷ் மூன்றையும் கோர்ப்பைப் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். ஒளிநகல் எடுக்கத் தையலைப் பிரித்துவிட்டால் தாள் செல்லாது என்று சொல்லும் அலுவலகம் உண்டு. எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஆங்கிலத் தாளுக்குத் தனி அப்போஸ்டில் கேட்கவில்லை, ஆனால் போலந்தில் வேறு மாகாணத்தில் கேட்டதாக ஒருவர் சொன்னார், முதல் படியில் சொன்ன அந்த மின்னஞ்சலிலேயே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அதிகாரி 'பொறுப்பு' என்ற வரியைப் பற்றிக் கேட்டால், போலிஷ் சொல்லை வைத்து விளக்கம் சொல்லாமல், தமிழ்த் தாளில் அந்தப் பத்தி எந்தப் பக்கம் என்று காட்டி, அந்தப் பத்திக்கு மட்டும் கூடுதல் விளக்கம் எழுத்தில் தருகிறோம் என்று சொல்லுங்கள். தங்கையின் விண்ணப்பத்தில் அப்படித்தான் கேட்டார்கள். ஊர் வழக்கறிஞர் இரண்டு பத்தியில் கடிதம் எழுதினார், அது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டதால் ஒரே தாவலில் போலிஷுக்குப் போனது, மூன்று பக்கக் கணக்கு, 180 ஸ்வாட்டி.